நல்லா இருக்கு என்றவரிடம் எப்போது கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

கல்வராயன் மலைச் சாமையை நேரடியாக விற்கும் குடும்பங்களுக்கு, வாங்கியவர் மனம் கோணாமல் பரிந்துரை கேட்கும் முறை

கல்வராயன் மலையில் ஆடியில் விதைத்த சாமை ஐப்பசி, கார்த்திகையில் களத்துக்கு வரும். மூட்டையாக வியாபாரியிடம் கொடுத்தால் அன்றே பணம் கிடைத்துவிடும். ஆனால் விலையைச் சொல்வது வியாபாரிதான். இதனால் உமி நீக்கி, அரிசியாக்கி, ஒரு கிலோ பையில் போட்டு, கள்ளக்குறிச்சியிலும் கச்சிராயபாளையத்திலும் வீடுகளுக்கே நேரடியாகக் கொடுக்கலாம் என்று பல குடும்பங்கள் முயல்கின்றன. முதல் இருபது வீடுகள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே அமைந்துவிடும். உறவினர் வேலை செய்யும் அலுவலகம், பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆசிரியர், வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்காரர் என்று கணக்கு முடிந்துவிடும். இருபத்தோராவது வீடு எங்கிருந்து வருவது என்பதுதான் கேள்வி.

அந்த வீட்டைக் காட்டக்கூடியவர்கள் ஏற்கெனவே வாங்கிய இருபது பேர்தான். "சாமை நல்லா இருந்துச்சு" என்று அவர்கள் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் "உங்க பக்கத்து வீட்டுலயும் சொல்லுங்க" என்று கேட்க விற்பவருக்கு வாய் வருவதில்லை. கேட்டால் பிச்சை கேட்பதுபோல ஆகிவிடுமோ, இனிமேல் போனை எடுக்கமாட்டார்களோ என்ற கூச்சம். வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, பையைக் கையில் கொடுத்த உடனேயே, "நாலு பேர்கிட்ட சொல்லுங்கம்மா, நம்பர் இருந்தா கொடுங்கம்மா" என்று கேட்டுவிடுகிறார்கள். முன்னவருக்கு விற்பனை வளர்வதில்லை. பின்னவருக்கு இருக்கிற வாடிக்கையும் குறைகிறது. கேட்பது தவறில்லை. கேட்கும் நேரமும் கேட்கும் விதமும்தான் இரண்டையும் பிரிக்கின்றன.

சொல்பவர் வைப்பது தன் பெயரை

நெல்லரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாலே நம் ஊர்ப் பெண்களுக்கு அதன் தரம் தெரிந்துவிடும். சாமை அரிசி அப்படியில்லை. நகரத்தில் வாங்கும் பலருக்கு அது புதிது. மணி மிகச் சிறியது. கல் இருந்தாலும் பார்வைக்குத் தெரியாது. அதிகம் தீட்டியதா, தவிட்டோடு இருக்கிறதா என்பதும் எளிதில் விளங்காது. வேகவைத்துச் சாப்பிட்டால்தான் தெரியும். இதனால் புதிதாக வாங்குபவர் விளம்பரத்தை நம்புவதில்லை. ஏற்கெனவே சமைத்துப் பார்த்த அக்கா, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைத்தான் நம்புகிறார்.

சொல்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆசிரியை தன் நாத்தனாரிடம், "மலையிலேருந்து ஒரு தம்பி கொண்டுவர்றாரு, வாங்கிப் பாருங்க" என்று சொல்கிறார் என்றால், அந்தச் சாமைக்குத் தன் பெயரையே ஈடாக வைக்கிறார். நாத்தனார் வீட்டில் ஒரு கல் பல்லில் கடிபட்டால், பேச்சுக் கேட்பது விற்றவர் அல்ல, ஆசிரியைதான். "நீ சொன்னன்னுதான் வாங்கினேன்" என்ற ஒரு வார்த்தை போதும், அவர் இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டார். தானும் வாங்க யோசிப்பார்.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் அளக்கின்றன. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த பிரெட் ரைக்கெல்ட் என்ற மேலாண்மை ஆலோசகர், "இதை உங்கள் நண்பருக்குச் சொல்வீர்களா" என்ற ஒரே கேள்விக்குப் பூச்சியம் முதல் பத்துவரை மதிப்பெண் கேட்கும் முறையை வெளியிட்டார். அதில் 9, 10 கொடுத்தவர்களை மட்டுமே பரிந்துரைப்பவர்களாகக் கணக்கில் எடுப்பார்கள். 7, 8 கொடுத்தவர்கள் திருப்தியாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இருபது வீட்டுக்கு விற்கும் குடும்பத்துக்கு மதிப்பெண் தேவையில்லை. ஆனால் அதிலுள்ள பாடம் இங்கும் பொருந்தும். திருப்தியாக இருப்பது வேறு, தன் பெயரை ஈடாக வைத்துச் சொல்லத் துணிவது வேறு. இரண்டாவது நிலைக்கு வந்தவரிடம் மட்டுமே கேட்க வேண்டும்.

இதனால் பரிந்துரை கேட்கும் வேலை களத்திலேயே தொடங்கிவிடுகிறது. மண் தரையிலோ தார்ச்சாலையிலோ அடித்த சாமையில் கல் வராமல் இருக்காது. தார்ப்பாய் விரித்து அடித்து, கல் நீக்கும் இயந்திரத்தில் விட்டு, ஒவ்வொரு முறை அரைத்த பிறகும் பல பைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வீட்டிலேயே தண்ணீரில் அரித்துப் பார்க்க வேண்டும். அரிப்பில் கல் தங்கினால் அந்த முறை அரைத்ததை வைத்து யாரிடமும் பரிந்துரை கேட்கக் கூடாது.

எது மரியாதைச் சொல், எது மனச்சொல்

நம் ஊரில் யாராவது ஒரு பொருளைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்று சொல்வது பழக்கம். அது பெரும்பாலும் எதிரில் நிற்பவரின் முகத்துக்காகச் சொல்லும் மரியாதைச் சொல். அதை நம்பி உடனே பரிந்துரை கேட்டால் அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுகிறோம். நன்றாக இல்லை என்று சொல்லவும் முடியாது, மற்றவரிடம் சொல்லவும் மனம் வராது.

மனதிலிருந்து வரும் சொல்லில் விவரம் இருக்கும். "உப்புமா செஞ்சேன், உதிரியா வந்துச்சு", "பையன் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்", "கடையில வாங்கினப்போ கல் இருந்துச்சு, இதுல ஒண்ணுகூட இல்ல" என்பவை அந்த வகை. இவற்றைவிட உறுதியான அடையாளம், கேட்காமலேயே வரும் இரண்டாவது ஆர்டர். "அடுத்த தடவை வரும்போது ரெண்டு கிலோ எடுத்துட்டு வாங்க" என்று சொன்னவர் தன் காசால் பதில் சொல்லிவிட்டார். அவரே "எங்க அம்மா வீட்டுக்கும் ஒரு கிலோ வேணும்" என்று சொன்னால் பரிந்துரையைத் தானாகவே தொடங்கிவிட்டார் என்று பொருள்.

எந்த நாளில் கேட்பது?

பையைக் கொடுக்கும் நேரம் கேட்கும் நேரம் அல்ல. அப்போது வாங்கியவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பணம் கொடுக்கும் நேரமும் அல்ல. அப்போது கவனம் சில்லறையில் இருக்கும். உழவர் சந்தையில் தராசு முன்னால் பத்துப் பேர் நிற்கும்போதும் வேண்டாம். மற்றவர் எதிரில் கேட்டால் மறுக்க வழியில்லாமல் போய்விடும். கடன் பாக்கி வைத்திருப்பவரிடமும் கேட்கக் கூடாது. பாக்கிக்காகத்தான் இதைக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். விலையை ஏற்றிய அதே வாரத்தில் கேட்பதும் பொருந்தாது.

சரியான நாள் பொருளைப் பொறுத்து அமைகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைக்குக் கால் கிலோ சாமை ஆகும். வாரத்தில் இரண்டு முறை சமைத்தால் ஒரு கிலோ பை இரண்டு வாரம் வரும். முதல் வாரத்தில் ஒரு முறையாவது சமைத்திருப்பார்கள். ஆகவே பத்தாம் நாள் சமைத்த விதத்தைப் பற்றி மட்டும் விசாரிக்கலாம். பரிந்துரையைப் பற்றி அன்று வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது பையும் வாங்கிச் சமைத்து முடித்து, மூன்றாவதற்கு ஆள் கேட்கும்போதுதான் பரிந்துரை கேட்கும் நேரம். முதல் பை நன்றாக இருந்து இரண்டாவது பை கெட்டுப்போவதும் உண்டு. தவிட்டோடு உள்ள சாமை அரிசியை நெடுநாள் வைத்திருந்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். இரண்டு முறையும் ஒரே தரத்தில் கிடைத்த பிறகுதான் வாங்கியவருக்கே சொல்லத் துணிவு வரும்.

பத்தாம் நாள் விசாரிப்பில் முதல் கேள்வி குறையைப் பற்றியதாக இருக்க வேண்டும். "எப்படி இருந்துச்சு" என்றால் "நல்லா இருந்துச்சு" என்று பதில் வந்துவிடும். "சமைக்கும்போது ஏதாவது சிரமம் இருந்துச்சாங்க, கல்லு கில்லு வந்துச்சா" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். குறையைச் சொல்ல இடம் கொடுத்தவரிடம் பிறகு நிறையைச் சொல்லவும் மனம் வரும்.

இருபது வீட்டுக் கணக்கு

வெள்ளிமலைப் பக்கம் ஒரு குடும்பம் கார்த்திகைத் தொடக்கத்தில் கள்ளக்குறிச்சியில் இருபது வீடுகளுக்கு ஒரு கிலோ வீதம் கொடுத்தது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். வீட்டு அம்மா ஒரு நோட்டில் பெயர், தேதி, அளவு, என்ன சொன்னார்கள் என்று நான்கு கட்டம் போட்டு எழுதிவருகிறார். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் இருப்பதால், மகன் கீழே இறங்கும் நாளில் அந்த நோட்டைப் பார்த்துப் போன் செய்கிறார்.

பத்தாம் நாள் போன் செய்தபோது பன்னிரண்டு வீடுகளில் சமைத்துவிட்டார்கள். எட்டு வீடுகளில் பை இன்னும் பிரிக்கவே இல்லை. அந்த எட்டுப் பேரிடம் மகன் பேச்சை வளர்க்கவில்லை. "சரிங்க, செஞ்சு பாருங்க" என்று முடித்துக்கொண்டார். சமைத்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர் சாதம் குழைந்துபோனதாகச் சொன்னார்கள். விசாரித்தால் மூவரும் நெல்லரிசிக்கு வைப்பதுபோல மூன்று டம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். சாமையில் குறை இல்லை, அளவு சொல்லாததுதான் குறை. அடுத்த பையிலிருந்து "ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டு முதல் இரண்டரை டம்ளர் தண்ணீர்" என்று எழுதிய சீட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மூவருக்கும் போனிலேயே அளவைச் சொன்னார்கள். ஒருவருக்குக் கல் வந்திருந்தது. அவருக்கு அடுத்த நடையில் காசு வாங்காமல் வேறு பை கொடுத்தார்கள்.

மார்கழியில் ஒன்பது வீடுகள் இரண்டாவது பை வாங்கின. குழைந்தது என்று சொன்ன மூவரில் இரண்டு பேரும், கல் வந்தவரும் அந்த ஒன்பதில் இருந்தார்கள். தை பிறந்ததும் ஒன்பதில் ஆறு பேர் மூன்றாவது முறை கேட்டார்கள். அந்த ஆறு பேரிடம் மட்டும்தான் பரிந்துரை கேட்கப்பட்டது. நான்கு பேர் தாங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்கள். மூன்று பேர் ஐந்து புது வீடுகளுக்குச் சொன்னார்கள். அந்த ஐந்தில் மூன்று வீடுகள் வாங்கின.

இருபது பேரிடம் கேட்காமல் ஆறு பேரிடம் கேட்டு மூன்று புது வீடுகள் என்பது சிறிய கணக்காகத் தோன்றலாம். ஆனால் பையையே பிரிக்காத எட்டுப் பேரும் மனம் நோகாமல் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களும் வாங்கலாம். முதல் நாளே இருபது பேரிடமும் கேட்டிருந்தால், குழைந்த சாதத்தைச் சாப்பிட்ட மூவரும் அந்தப் பேச்சைத்தான் வெளியே சொல்லியிருப்பார்கள்.

வாயில் வரும் வார்த்தையில் கேட்பது

கேட்கும்போது இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பக் கூடாது. அவர் சொன்ன கருத்தை மற்றவருக்குக் காட்ட அனுமதி கேட்பது ஒன்று. புது ஆளுக்குச் சொல்லும்படி கேட்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் பாரமாகத் தெரியும். முதலில் கருத்து, அடுத்த முறை பரிந்துரை என்று பிரித்துக்கொள்ளலாம்.

"உங்க கருத்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்டால் படித்தவர்கூடத் தயங்குவார். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்ற குழப்பம். அவர் ஏற்கெனவே வாயால் சொன்னதையே எடுத்துக்கொள்வதுதான் எளிது. பேச்சு இப்படிப் போகலாம்:

"டீச்சர், போன தடவை பேசும்போது உப்புமா உதிரியா வந்துச்சு, கல் ஒண்ணுகூட இல்லன்னு சொன்னீங்க. அதை அப்படியே எங்க சீட்டுல போட்டுக்கலாமுங்களா?"

"என் பேரெல்லாம் போடுவீங்களா தம்பி?"

"உங்களுக்குச் சரின்னா போடுறோம். இல்லன்னா 'கள்ளக்குறிச்சி, ஓர் ஆசிரியை'ன்னு மட்டும் போடுறோம். வேண்டாம்னாலும் பரவாயில்லைங்க."

"பேரு வேணாம். ஊரு மட்டும் போட்டுக்கங்க."

இதில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. அவருடைய சொல்லையே திருப்பிச் சொன்னதால், அவர் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எங்கே போடப்போகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லியாயிற்று. மறுக்கவும் பாதி சம்மதிக்கவும் வழி விட்டாயிற்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுதியதை ஒரு முறை படித்துக் காட்டினால் பின்னால் பேச்சு வராது. அவர் சொன்னதை அலங்காரமாக மாற்றக் கூடாது. "உப்புமா உதிரியா வந்துச்சு" என்பதை "மிகச் சிறந்த தரம், அற்புதமான சுவை" என்று மாற்றினால் படிப்பவர் நம்பமாட்டார், சொன்னவருக்கும் கூச்சமாக இருக்கும்.

வாங்கிய வீட்டுப் பெண்களின் புகைப்படத்தையோ, அவர்கள் அனுப்பிய குரல் பதிவையோ கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது பெரிய தவறு. பாராட்டி அனுப்பியதுதானே என்று தோன்றும். ஆனால் அவர் அனுப்பியது ஒருவருக்கு, ஊருக்கு அல்ல. பேச்சுக்கு வாங்கிய அனுமதி படத்துக்குச் செல்லாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பரிந்துரை கேட்கும்போது யாருடைய போன் நம்பரையும் கேட்காமல் இருப்பது நல்லது. தன் தங்கையின் நம்பரைத் தங்கையைக் கேட்காமல் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அதற்குப் பதிலாக, சொல்வது அவர் கையிலேயே இருக்கட்டும். "சாமை செய்யற வீடு யாராவது உங்க பழக்கத்துல இருந்தா இந்தச் சீட்டைக் கொடுங்க, அவங்களே கூப்பிடட்டும்" என்று சொல்லி இரண்டு சீட்டுகள் கொடுத்தால் போதும். "யாராவது இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சாமை செய்யற வீடு", "சின்னக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சற வீடு" என்று அடையாளம் சொன்னால் அவர் மனதில் ஒரு முகம் உடனே வந்துநிற்கும். இருநூறு கிராம் மாதிரிப் பை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கும் வெறும் வாயால் சொல்ல வேண்டிய நிலை இருக்காது.

ஒரு முறைதான் கேட்க வேண்டும். "பார்க்கலாம்", "சொல்றேன்" என்று சுருக்கமாகப் பதில் வந்தாலோ, செய்தியைப் பார்த்தும் பதில் வராமல் இருந்தாலோ அதுவே பதில். அடுத்த முறை போன் செய்யும்போது அந்தப் பேச்சை எடுக்காமல் வழக்கம்போல ஆர்டரை மட்டும் பேசினால், அவருக்கு இருந்த சங்கடம் தானாகவே போய்விடும்.

சர்க்கரை குறைந்தது என்று சொன்னால்?

சாமை விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் பாராட்டு, "இதைச் சாப்பிட்ட பிறகு எனக்குச் சுகர் குறைஞ்சுது" என்பது. சொல்பவர் உண்மையாகவே சொல்லலாம். ஆனால் அதைப் பையிலோ சீட்டிலோ அச்சடிக்கக் கூடாது. ஓர் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. நீரிழிவு போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதற்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது. வாடிக்கையாளர் சொன்னதைத்தான் போட்டோம் என்பது பதிலாகாது. அச்சடித்து விற்றவர் விற்பவர்தான்.

சட்டத்தைத் தாண்டியும் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த வரியைப் படித்து மாத்திரையை நிறுத்திவிட்டு, சாமையை மட்டும் நம்பும் ஒருவர் எங்காவது இருப்பார். அவர் உடம்பு கெட்டால் பழி சொன்ன ஆசிரியைமேலும் விழும். "நல்லதுங்கம்மா, ஆனா டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சமையல், சுவை, கல் இல்லாமை பற்றி அவர் சொன்னதை மட்டும் போட்டுக்கொள்வதே முறை. தேன் விற்பவர்களுக்கும் கடுக்காய் விற்பவர்களுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே இருமல் போனது, வயிறு சரியானது என்ற சொற்கள்தான் முதலில் வரும்.

கைமாறு கொடுக்கலாமா?

"ஒரு ஆளைச் சேர்த்தால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி" என்று நகரத்துக் கடைகள் சொல்வதுண்டு. மலைக் குடும்பத்துக்கு அது சரிவருவதில்லை. பழக்கத்துக்காகச் சொன்ன சொல்லுக்குக் கூலி கொடுத்ததுபோல ஆகிவிடும். நாத்தனாருக்கு இது தெரிந்தால், "ஐம்பது ரூபாய்க்காகத்தான் சொன்னியா" என்ற கேள்வி வரும். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர் அந்தத் தொடர்பை மறைக்கக் கூடாது என்பதும், சொல்லும் கருத்து உண்மையான அனுபவத்திலிருந்து வர வேண்டும் என்பதும் விளம்பரங்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இருக்கின்றன.

நன்றி சொல்ல வேறு வழி இருக்கிறது. புது வீடு வாங்கியதும், சொன்னவருக்குப் போன் செய்து, "நீங்க சொன்ன அக்கா நேத்து ஒரு கிலோ வாங்கினாங்க, சமைச்சுப் பார்த்து எப்படின்னு கேட்டுக்கறோம்" என்று சொல்வதே பெரிய நன்றி. தன் சொல்லை மதித்து நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பலாக் காலத்தில் ஒரு பழமோ, ஒரு பிடி புளியோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதற்கும் பரிந்துரைக்கும் முடிச்சுப் போடாமல், பரிந்துரைத்தவர், பரிந்துரைக்காதவர் என்று பார்க்காமல், பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கொடுப்பது நல்லது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்குனிக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும் என்றால் மாசியில் பரிந்துரை கேட்கக் கூடாது. புது ஆள் கூப்பிடும்போது "தீந்துபோச்சுங்க" என்று சொன்னால் சொன்னவருக்குத்தான் முகம் சுருங்கும். பக்கத்துத் தோட்டத்துச் சாமையை வாங்கிப் பையில் போட்டுச் சமாளிப்பது அதைவிடக் கெடுதல். எத்தனை பைக்குக் கையில் சரக்கு இருக்கிறதோ அத்தனை பேருக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தால் போதும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: நாங்கள் சாமை விற்பதில்லை. மரக்கன்றும் நாட்டுக் கோழிக் குஞ்சும் விற்கிறோம். எங்களுக்கு எது சரியான நேரம்?

பதில்: வாங்கியவர் பலனைக் கண்ணால் பார்க்கும் நாள்தான் நேரம். கோழிக் குஞ்சில் முதல் சில வாரங்களில்தான் இழப்பு அதிகம். அந்தக் கட்டம் தாண்டி, குஞ்சுகள் மேயத் தொடங்கிய பிறகு கேட்கலாம். கன்றில் வேர் பிடித்துப் புதுத் துளிர் வந்ததும், பிழைத்ததா என்று விசாரிக்கலாம். ஆனால் ரகம் சொன்னபடி இருக்கிறதா என்பது காய்த்த பிறகுதான் தெரியும். அதுவரை "கன்று நன்றாகப் பிழைத்தது" என்ற அளவுக்கு மட்டுமே கருத்து வாங்க வேண்டும். விதையிலும் அப்படியே. முளைப்பு பற்றி ஒரு முறை, மகசூல் பற்றி அறுவடைக்குப் பிறகு ஒரு முறை என்று பிரித்துக் கேட்கலாம்.

கேள்வி: தேன் வாங்கியவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி எங்கள் சீட்டில் பெயர் போடச் சம்மதித்தார். மார்கழியில் தேன் உறைந்துவிட்டது. சர்க்கரை கலந்தீர்களா என்று கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: குளிரில் தேன் உறைவது இயல்பு. உறைந்ததை வைத்துக் கலப்படம் என்று முடிவு செய்ய முடியாது, உறையாததை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவைத்தால் மெல்ல இளகும் என்று முதலில் விளக்க வேண்டும். அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சீட்டிலிருந்து அவர் பெயரையும் எடுத்துவிட வேண்டும். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. அடுத்த ஆண்டு முதல் தேன் கொடுக்கும்போதே குளிரில் உறையும் என்று சொல்லிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்காமலேயே பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டார். அவருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டுமா?

பதில்: அவர் விலைக் குறைப்பை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. திடீரென்று விலையைக் குறைத்தால் மற்றவர்களுக்குத் தெரியவரும்போது கேள்வி எழும். அவர் சொல்லி வந்த பத்துப் பேருக்கும் முதல் பை நல்ல பையாகப் போகும்படி பார்த்துக்கொள்வதுதான் அவருக்குச் செய்யும் கைமாறு. பத்துப் பேருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், அரித்துப் பார்த்துத் தேறிய சரக்கிலிருந்து நான்கு, மூன்று, மூன்று என்று பிரித்துக் கொடுத்தால், ஏதாவது குறை வந்தாலும் முதல் நான்கு பேரோடு திருத்திக்கொள்ளலாம்.